நீயே எழுதிக் கொண்டு வா

“நீயே எழுதிக் கொண்டு வாம்மா, பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.” கல்லூரியில் வரலாறு கற்பிக்க வந்த நாள் முதல் பரிந்துரைக் கடிதம் கேட்டு வந்த எல்லாரிடமும் நான் சொன்னது இதுதான். அதை ஒரு சலுகையாகவே நினைத்துச் சொன்னேன். பிள்ளைகளுக்கு அவசரம், எனக்கு விடைத்தாள் கட்டுகள், துறைக் கூட்டம், தேர்வுப் பணி. அவர்களே எழுதினால் தங்களுக்கு வேண்டியதை வேண்டிய மட்டும் எழுதிக்கொள்வார்கள். நான் ஒரு முறை மேலோட்டமாகப் பார்ப்பேன், ஆங்கில ‘தி’ ஒன்றைச் சேர்ப்பேன் அல்லது நீக்குவேன், கையெழுத்து, முத்திரை, முடிந்தது. என்னோடு பணியாற்றியவர்களும் அப்படித்தான் செய்தார்கள். எனக்கு என் பேராசிரியர் கொடுத்ததும் நான் எழுதிக் கொண்டுபோன கடிதம்தான்.

சென்ற ஆண்டு இளங்கலை முடித்த ஒரு மாணவி இங்கிலாந்தில் ஓராண்டு முதுகலை வரலாற்றுப் படிப்புக்கு விண்ணப்பித்தாள். நம் மத்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் முதுகலையில் சேர நுழைவுத் தேர்வு மதிப்பெண் போதும், உன் ஆசிரியர் உன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. அங்கே கேட்கிறார்கள். பாடம் நடத்திய இரண்டு ஆசிரியர்கள் எழுதித் தர வேண்டும். வழக்கமான வாக்கியத்தைச் சொல்லி அனுப்பினேன். மூன்றாம் நாள் ஒரு பக்கக் கடிதத்தோடு வந்தாள்.

அதில் இருந்தவற்றைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: இவர் கடின உழைப்பாளி. நேர்மையும் ஒழுக்கமும் மிக்கவர். வரலாற்றின் மீது தணியாத ஆர்வம் கொண்டவர். ஆவணக் காப்பகங்களில் விரிவான ஆய்வு மேற்கொண்டவர். சக மாணவர்களோடு இணக்கமாகப் பழகுபவர். இவருடைய எதிர்கால முயற்சிகள் அனைத்தும் வெற்றி பெற வாழ்த்துகிறேன்.

பேனாவை எடுத்துவிட்டேன். ஆவணக் காப்பகம் என்ற சொல்லில் கண் தட்டியது. “எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு எப்போது போனாய்?” என்று கேட்டேன். “போகவில்லை சார். மாதிரிக் கடிதத்தில் அப்படி இருந்தது. வரலாற்றுக்கு அது இருந்தால் நல்லது என்று விட்டுவிட்டேன்” என்றாள். எந்தக் கூச்சமும் இல்லாமல் சொன்னாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பொய்யை எழுதியது அவளாக இருக்கலாம், உண்மை என்று கையெழுத்துப் போடப் போனவன் நான்.

அந்த மாலை அவளை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தபோது ஒரு எண்ணம் வந்து ஒட்டிக்கொண்டது, பிறகு போகவே இல்லை. முதலாண்டு வகுப்பில் நான் நடத்தும் முதல் பாடம் சான்றுகளைச் சோதிப்பது பற்றியது. இந்த ஆவணத்தை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், அவருக்கு அந்த விஷயம் எப்படித் தெரியும், எழுதுவதால் அவருக்கு என்ன லாபம் என்று வரிசையாகக் கேட்கச் சொல்லிக் கொடுப்பேன். ஒரு மன்னனின் மெய்க்கீர்த்தியை அப்படியே நம்பி எழுதினால் மதிப்பெண்ணைக் குறைப்பேன். அதே ஆள், மாணவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிக்கொண்ட மெய்க்கீர்த்திகளின் அடியில் இத்தனை ஆண்டுகளாகக் கையெழுத்துப் போட்டு வந்திருக்கிறேன்.

நன்னடத்தைச் சான்றிதழின் பேரப்பிள்ளை

நம் ஊர்ப் பரிந்துரைக் கடிதம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அதன் பாட்டன் பள்ளி மாற்றுச் சான்றிதழோடு தரப்படும் நன்னடத்தைச் சான்றிதழ் என்று தோன்றுகிறது. ‘நான் அறிந்தவரை இவருடைய நடத்தை நன்று.’ ஒழுக்கம், பணிவு, நேரம் தவறாமை. இந்த ஆளால் தொந்தரவு வராது என்று அடுத்த நிறுவனத்துக்குச் சொல்கிற தாள் அது. பச்சை மையில் கையெழுத்து இருந்தால் இன்னும் விசேஷம். நாங்கள் எழுதும் கடிதமும் அந்த வேலையைத்தான் செய்கிறது.

அங்கே இருப்பவர் கேட்பது வேறு. அவர் முன்னால் மதிப்பெண் பட்டியல் இருக்கிறது, மாணவியின் சுயவிளக்கக் கட்டுரை இருக்கிறது, எழுத்து மாதிரி ஒன்றும் பெரும்பாலும் இருக்கிறது. அந்தத் தாள்களில் இல்லாத ஏதாவது ஒன்று உங்களுக்குத் தெரியுமா என்பதுதான் அவருடைய கேள்வி. ஒரு ஆவணம் தனக்கு ஒத்துவராத தகவலைச் சொல்லும்போது இந்தப் பெண் என்ன செய்வாள்? தவறைச் சுட்டிக்காட்டினால் முகம் சுளிப்பாளா, திருத்திக் கொண்டு வருவாளா? மூன்று மாதத்தில் 15 ஆயிரம் சொற்களுக்கு ஆய்வேடு எழுத வேண்டியிருந்தால் தனியாகத் தாக்குப்பிடிப்பாளா? இவற்றைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் ஆசிரியர் ஒருவர்தான். அவரும் ‘இணக்கமாகப் பழகுபவர்’ என்று எழுதி அனுப்பினால், படிப்பவர் அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார்.

மாணவர்களே எழுதிய கடிதங்கள் அங்கே பிடிபடுவதில்லை என்று நினைத்திருந்தேன். பிடிபடுவதற்குப் பெரிய துப்பறிதல் எதுவும் தேவையில்லை. கடிதமும் சுயவிளக்கக் கட்டுரையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. இரண்டிலும் ‘தணியாத ஆர்வம்’ வருகிறது, இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே இலக்கணப் பிழை வருகிறது. இரண்டு ஆசிரியர்களின் கடிதங்களும் ஒரே எழுத்துருவில், ஒரே ஓரம் விட்டு, ஒரே வாழ்த்தோடு முடிகின்றன. போதாக்குறைக்கு, கணினியில் தட்டச்சு செய்த கோப்பின் பண்புகளைத் திறந்தால் எழுதியவர் பெயர் என்று ஒரு வரி உண்டு. ஆர்வத்தில் என் பழைய கடிதம் ஒன்றைத் திறந்து பார்த்தேன். என் கையெழுத்தோடு போன அந்தக் கடிதத்தை எழுதியவர், கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடை.

இணையப் படிவம் இன்னொரு தொல்லை. கடிதத்தை ஏற்றுவதற்கு முன் சிலவற்றில் ஒரு கட்டம் வரும்: நீங்கள் கற்பித்த மாணவர்களில் இவர் முதல் ஒரு சதவீதத்தில் இருப்பவரா, ஐந்திலா, பத்திலா, இருபத்தைந்திலா? யார் வந்தாலும் ‘முதல் ஒரு சதவீதம்’ என்று தட்டிவிடுவது என் வழக்கம். நம் பிள்ளைக்கு நாமே குறைத்துப் போடுவதா என்ற எண்ணம். எங்கள் வகுப்பில் 48 பேர். அதில் ஒரு சதவீதம் என்றால் அரை ஆள். ஒரே வகுப்பிலிருந்து நான்கு பேரை அந்த அரை ஆளுக்குள் அடைத்த ஆண்டும் உண்டு. ஒரே பல்கலைக்கழகத்துக்கு அந்த நால்வரும் விண்ணப்பித்திருந்தால், என் கையெழுத்துக்கு அதற்குப் பிறகு அங்கே என்ன மரியாதை இருந்திருக்கும்?

நோட்டைக் கொண்டு வா

மறுநாள் அவளிடம் வேறொன்றைக் கேட்டேன். “இறுதிப் பருவத் திட்டக் கட்டுரைக்கு வைத்திருந்த குறிப்பு நோட்டு இருக்கிறதா? அதைக் கொண்டு வா. கடிதத்தை நான் எழுதுகிறேன்.” அவள் முகத்தில் மகிழ்ச்சியைவிடப் பயம்தான் தெரிந்தது. தானே எழுதினால் என்ன இருக்கும் என்று தெரியும், நான் எழுதினால் என்ன வருமோ!

தாது வருஷப் பஞ்சம் பற்றி அவள் எழுதியிருந்தாள். 1876 ஏப்ரலில் பிறந்த தாது வருஷத்தில் மழை பொய்த்துத் தொடங்கி, அடுத்த ஈசுவர வருஷம் முழுவதும் நீண்டு, 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பஞ்சம். சேலம் பக்கத்துக் கிராமங்களில் முன்பெல்லாம் வயதானவர்கள் ‘தாது வருஷத்துக்கு முன்னால்’, ‘தாது வருஷத்துக்குப் பிறகு’ என்று கணக்குச் சொல்வார்கள். அவள் சேலம் மாவட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள். அன்றைய சேலம் மாவட்டம் என்றால் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்தது.

நான் கடிதத்துக்கு ஒரு பத்தியை முதலில் நினைவிலிருந்தே எழுதினேன். 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். 1881 கணக்கெடுப்பில் சுமார் 16 லட்சம் பேர். பத்தாண்டில் மூன்றரை லட்சத்துக்கும் மேல் குறைவு. இந்தக் கழித்தலைச் செய்துவிட்டு ‘சேலத்தில் பஞ்சத்தில் இறந்தவர்கள் மூன்றரை லட்சம்’ என்று எழுதுவது வழக்கம். இவள் அப்படி எழுதவில்லை. குறைந்தவர்கள் எல்லாரும் இறந்தவர்கள் அல்லர், ஊரை விட்டுப் போனவர்களும் அதில் இருப்பார்கள் என்பதைத் தானே கண்டுகொண்டாள். இளங்கலை மாணவி ஒருத்திக்கு இது பெரிய பாய்ச்சல். இப்படி எழுதினேன். திருப்தியாக இருந்தது. நிஜமான சம்பவம், நிஜமான எண்கள், அடைமொழி ஒன்றுகூட இல்லை.

பிறகு நோட்டைப் புரட்டினேன். கோடு போட்ட 192 பக்க நோட்டு, அட்டையில் மாட்டுப்பொங்கல் படம். இடது பக்கம் ஆங்கிலத்தில் எடுத்த குறிப்பு, வலது பக்கம் அதற்குத் தமிழில் பொருள், ஓரத்தில் அகராதியில் பார்த்த சொற்கள். தமிழ் வழியில் படித்த பெண். வில்லியம் டிக்பி 1878-இல் இந்தப் பஞ்சத்தைப் பற்றி இரண்டு தொகுதிகளில் எழுதிய நூலை இணையத்தில் இறக்கிக் கைப்பேசியில் படித்திருக்கிறாள். ஒரு நாளைக்கு இத்தனை பக்கம் என்று தேதி போட்டிருக்கிறது. பதினேழாம் பக்கத்தில் அந்த இரண்டு எண்கள், அவற்றின் கழித்தல், அடியில் இரட்டைக் கோடு, ‘இறப்பு’ என்று அவள் கையெழுத்து. பக்கத்தில் சிவப்பு மையில், ‘குறைந்தவர்கள் எல்லாரும் இறந்தவர்களா?’

அந்தச் சிவப்பு எழுத்து என்னுடையது.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தானே கண்டுகொண்டதாக நான் எழுதிய விஷயத்தைக் கேட்டது நான். எனக்கு அது சுத்தமாக மறந்துவிட்டது. அவளுக்கு நல்லது செய்ய வேண்டும் என்ற ஆசையில் நினைவு தானாகவே ஒரு கதையைக் கட்டிக்கொண்டது. மாதிரிக் கடிதத்திலிருந்து வந்த பொய்யைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையில் இருந்த நான், ஆதாரத்தோடு கூடிய இன்னொரு பொய்யை எழுதி வைத்திருக்கிறேன். யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். அதுதான் என்னை அதிகம் உறுத்தியது.

பத்தியை அடித்தேன். பிறகுதான் மேலே புரட்டினேன். ஒன்பது நாள் கழித்து இன்னொரு பக்கம். நான் கேட்ட கேள்வியைத் தலைப்பாக எழுதிக்கொண்டு, அதன் கீழே 1891 கணக்கெடுப்பைத் தேடி எடுத்து எழுதியிருந்தாள். சேலம் மாவட்டத்தில் சுமார் 19 லட்சத்து 63 ஆயிரம் பேர். ஏறத்தாழ 1871-இல் இருந்த அதே அளவு! பத்தாண்டில் நூற்றுக்கு 22-க்கும் மேல் கூடியிருக்கிறது. சென்னை மாகாணம் முழுவதற்கும் அதே பத்தாண்டில் கூடியது சுமார் 15 சதவீதம். பிறப்பு மட்டுமே இவ்வளவைக் கூட்டியிருக்க முடியுமா என்று கேட்டு, இரண்டு விடைகளை எழுதியிருந்தாள். ஒன்று, பிழைக்கப் போனவர்களில் ஒரு பகுதியினர் 1881-க்குப் பிறகு திரும்பி வந்திருக்கலாம். இரண்டு, பஞ்சம் குழந்தைகளையும் முதியவர்களையும் முதலில் கொண்டுபோகும், மிஞ்சியவர்களில் பிள்ளை பெறும் வயதினரே அதிகம் இருந்திருப்பார்கள், ஆகவே பிறப்பு வழக்கத்தைவிட வேகமாகக் கூடியிருக்கலாம். அதற்குக் கீழே ஒரு வரி: ‘இரண்டில் எது எவ்வளவு என்று என்னிடம் உள்ள எண்களை வைத்துச் சொல்ல முடியாது.’

இந்த வரிக்காகத்தான் நான் அந்தக் கடிதத்தை எழுதினேன் என்று சொல்லலாம். இருபது வயதில் எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் விடை தெரிந்திருக்கும். சான்று எங்கே நின்றுவிடுகிறதோ அங்கே தானும் நிற்பது சொல்லிக் கொடுத்து வருவதில்லை. முதுகலையில் அவளுக்குப் பாடம் நடத்தப் போகிறவருக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி எதையும் என்னால் தர முடியாது.

இன்னொன்றும் இருந்தது. 1877 தொடக்கத்தில் வைஸ்ராய் லிட்டன் அனுப்பி சர் ரிச்சர்ட் டெம்பிள் சென்னை மாகாணத்துக்கு வந்தார். செலவைக் குறைக்க, நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு, கூடவே சில்லறைக் காசு என்று கூலியைக் குறைத்தார். அது உயிர் தரிக்கப் போதாது என்று எதிர்த்து எழுதியவர் மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ். இந்தச் சண்டை பஞ்சத்தைப் பற்றிய எல்லாப் புத்தகத்திலும் வரும், நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். 1871 கணக்கெடுப்பு அறிக்கையின் முதல் பக்கத்தில் இருந்த பெயரும் டபிள்யூ. ஆர். கார்னிஷ்தான் என்பதை அவள் கவனித்திருக்கிறாள். நோட்டின் ஓரத்தில், ‘தலையை எண்ணியவரே கஞ்சிக்கும் வாதாடுகிறார்’ என்று எழுதியிருந்தாள். இதை நான் சொல்லவில்லை. உறுதி செய்துகொள்ள நோட்டில் முன்னும் பின்னும் பார்த்தேன், சிவப்பு மை எங்கும் இல்லை.

போனதும் போகாததும்

கடிதம் ஒன்றரைப் பக்கம் வந்தது. முதல் பத்தியில் அவளை எனக்கு எப்படித் தெரியும் என்று எழுதினேன். மூன்றாண்டில் அவளுக்கு நான்கு தாள்கள் நடத்தினேன், திட்டக் கட்டுரைக்கு வழிகாட்டினேன். இதோடு ஒன்றைச் சேர்த்தேன். எங்கள் கல்லூரி பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. ஒரு தாளின் நூறு மதிப்பெண்ணில் எங்கள் கையில் இருப்பது அகமதிப்பீட்டின் 25 மட்டுமே. மீதி 75-க்குக் கேள்வித்தாளும் திருத்தமும் பல்கலைக்கழகத்துடையவை. இதை அங்கே இருப்பவர் தெரிந்து வைத்திருக்கக் கட்டாயமில்லை. சொல்லாவிட்டால், அவளுடைய 71 சதவீதத்தை நான் போட்ட மதிப்பெண் என்று நினைத்துக்கொள்வார். அந்த 71, எங்கள் வகுப்பின் 48 பேரில் மூன்றாம் இடம். இதையும் எழுதினேன், எண்ணைத் துறைப் பதிவேட்டில் சரிபார்த்துவிட்டு.

இரண்டாம் பத்தி நோட்டைப் பற்றியது. நடந்தது நடந்தபடி: அவள் கழித்தலைச் செய்து ‘இறப்பு’ என்று எழுதினாள், நான் ஒரு கேள்வி கேட்டேன், ஒன்பது நாளில் நான் கேட்காத ஒரு கணக்கெடுப்போடு திரும்பி வந்தாள். என் கேள்வியை மறைத்து எழுதியிருந்தால் அவள் ஒரு மேதையாகத் தெரிந்திருப்பாள். உண்மையில் அவள் திருத்தத்தை வாங்கி அதைத் தாண்டிப் போகத் தெரிந்த மாணவி. ஆய்வேட்டுக்கு வழிகாட்டப் போகிறவர் தேடுவது இரண்டாவது ஆளைத்தான் என்று இத்தனை ஆண்டு வழிகாட்டிய அனுபவத்தில் எனக்குத் தெரியும்.

மூன்றாம் பத்திதான் கடினம். குறை எதையும் சொல்லாத கடிதத்தை யாரும் நம்புவதில்லை, குறையைச் சொன்னால் பிள்ளையின் வாழ்க்கையில் விளையாடிவிட்டோமோ என்று தூக்கம் வராது. அவள் ஆங்கிலத்தில் எழுதுவது மெதுவாகத்தான். மொழித் தேர்வு மதிப்பெண் அதைக் காட்டிவிடும். தமிழ் வழியில் படித்தவள் என்பதையும், டிக்பியின் இரண்டு தொகுதிகளைப் படிக்க நான்கு மாதம் எடுத்துக்கொண்டாள் என்பதையும், முதல் பருவத்தில் வாசிப்புச் சுமை அவளுக்குப் பாரமாக இருக்கும் என்பதையும் எழுதினேன். அந்த நான்கு மாதத்தில் அவள் ஒரு நாள்கூட விட்டுவிடவில்லை என்று நோட்டின் தேதிகள் சொல்வதையும் எழுதினேன். ஆவணக் காப்பகத்தில் வேலை செய்த அனுபவம் இல்லை, அச்சில் வந்த அறிக்கைகளை மட்டுமே பயன்படுத்தினாள் என்றும் எழுதினேன். முதல் கடிதத்தில் நேர்மாறாக இருந்த வரி அது.

மூன்றாம் பருவத்தில் அவளுக்குப் பொருளியல் துணைத் தாளில் ஒரு அரியர். இதற்கு ஏதாவது காரணம் சொல்ல வேண்டுமா என்று தயங்கினேன். வீட்டில் கஷ்டம், உடல்நலம் என்று ஏதாவது எழுதுவது வழக்கம். அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். “படிக்கவில்லை சார். பிடிக்கவில்லை” என்றாள். அதற்கு நான் என்ன எழுதுவது? அடுத்த பருவத்திலேயே எழுதித் தேறிவிட்டாள், அது மதிப்பெண் பட்டியலில் இருக்கிறது. விளக்க வேண்டும் என்று தோன்றினால் உன் கட்டுரையில் நீயே விளக்கு என்று சொல்லிவிட்டு அதைத் தொடாமல் விட்டேன். எனக்கு நேரில் தெரியாத எதையும் எழுதுவதில்லை என்று முடிவு செய்த பிறகு கடிதம் எழுதுவது உண்மையில் சுலபமாகிவிட்டது. எழுத முடியாதவை தாமாகவே விலகிக்கொண்டன.

‘எதிர்கால முயற்சிகள் அனைத்தும் வெற்றி பெற’ வாழ்த்தவில்லை. எங்கள் துறையில் இந்த வாய்ப்பு எனக்கு வந்திருந்தால் அவளை முதுகலைக்கு எடுத்துக்கொள்வேன், தயங்க மாட்டேன் என்று ஒரு வரியில் முடித்தேன். கட்டத்தில் ‘முதல் பத்து சதவீதம்’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். 48 பேரில் மூன்றாவது என்று எழுதிவிட்டு ஒரு சதவீதத்தைத் தட்ட முடியாது. கை கொஞ்சம் நடுங்கியது என்பது உண்மை.

அனுப்புவதற்குள் இன்னொரு கூத்து. படிவத்தில் என் சொந்த ஜிமெயில் முகவரியைக் கொடுத்திருந்தாள். நிறுவன முகவரி வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கல்லூரி பெயரில் எனக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி இருப்பதே அலுவலகத்தில் கேட்ட பிறகுதான் தெரிந்தது. கடவுச்சொல் வாங்க இரண்டு நாள். கடைசித் தேதிக்கு ஒரு நாள் முன்னால், இரவு பத்தரைக்கு, கடிதம் போய்ச் சேர்ந்தது என்று பதில் வந்தது.

மறுநாள் வந்து நின்றாள். “என்ன சார் எழுதினீர்கள்?” இப்படிப்பட்ட கடிதங்களை மாணவரிடம் காட்டக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் ரகசியமாகத் தருவதாகச் சொல்லித்தான் எழுதியிருந்தேன், இங்கிலாந்தின் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி அப்படித் தரும் கடிதத்தைப் பார்க்க அவளுக்கு உரிமை கிடையாது. காட்டப் போகிறோம் என்று தெரிந்தால் அந்த மூன்றாம் பத்தியை நான் எழுதியிருக்கவும் மாட்டேன். “கார்னிஷைப் பற்றி எழுதினேன்” என்றேன். “அதையா? அது சும்மா ஓரத்தில் எழுதி வைத்தது சார்” என்றாள். நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். ஏழு வாரம் கழித்து இடம் கிடைத்தது. கல்விக் கட்டணத்துக்கு வழி தேடிக்கொண்டிருக்கிறாள், சேர்வதை ஓராண்டு தள்ளிவைக்கக் கேட்டு எழுதியிருக்கிறாள். கடிதத்தால் கிடைத்தது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது, இன்னொரு ஆசிரியர் எழுதியதும் அவளுடைய கட்டுரையும் எப்படி இருந்தன என்று எனக்குத் தெரியாது.

இந்த ஆண்டு ஒரு பையன் வந்தான், பென் டிரைவோடு. கெட்டிக்காரப் பையன். வகுப்பில் கேள்வி கேட்பான், சில சமயம் என்னை மடக்குவான். “சார், நீங்கள் சிரமப்பட வேண்டாம், எழுதியே கொண்டு வந்துவிட்டேன்” என்றான். “அது இருக்கட்டும். திட்டக் கட்டுரைக்கு எடுத்த குறிப்பு நோட்டைக் கொண்டு வா” என்றேன்.

“நோட்டா? வீட்டைச் சுத்தம் செய்தபோது அம்மா எல்லாவற்றையும் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிட்டார்கள் சார். கிலோ பன்னிரண்டு ரூபாய்க்கு.”

அச்சிட்ட கட்டுரை துறையில் இருக்கிறது. அகமதிப்பீட்டுப் பதிவேடு இருக்கிறது. அவன் என்னை மடக்கிய கேள்விகளில் இரண்டு எனக்கு நினைவிருக்கிறது, ஆனால் என் நினைவின் லட்சணம் எனக்குத் தெரியும். அன்று வகுப்பில் உடன் இருந்தவர்கள் யார் யார் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை வருகிறான்.